விலாசமுள்ள சாக்கு

அரிசி வாங்கத் தெரியாத ஆண்பிள்ளைகள் என்று காரைக்குடியில் ஒரு பட்டியல் எடுத்தால் முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும். இரண்டாவது பெயருக்குத்தான் ஆள் தேட வேண்டும். வீட்டு ஆச்சி இதை ஊரறியச் சொல்லிவிட்டதால் நான் மறைத்துப் பயனில்லை.

ஆரம்பம் இப்படி. கடைக்காரர் என் முன்னால் ஒரு சிப்பத்தை இறக்கி வைத்து, “இருபத்தாறு கிலோண்ணே” என்றார். 25 கிலோ சிப்பம் கேள்விப்பட்டிருக்கிறேன், அதென்ன 26? எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பழகிய முகம், பெரிய வீட்டுப் பிள்ளை என்று மரியாதைக்கு ஒரு கிலோ கூடப் போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து இந்த மரியாதையைப் பற்றி நான் விரிவாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, ஆச்சி வாசலைக் காட்டினாள். எதிர்வீட்டில் இறங்கிய சிப்பமும் 26 கிலோ. அந்த வீட்டுக்காரருக்கும் கடைக்காரருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. 2022 ஜூலை 18ஆம் தேதியிலிருந்து, பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரைக்கும் இருந்தால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. அதற்கு மேலே போனால் அந்த வரி இல்லை. கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ 1,500 ரூபாய், வரி 75, ஆக 1,575. 26 கிலோ வாங்கினால் 1,560, அதோடு சரி. ஒரு கிலோ அரிசியும் கூட, கையில் 15 ரூபாயும் மிச்சம். அரிசி ஆலைக்காரர்கள் கணக்கில் புலிகள்; ராத்திரியோடு ராத்திரியாக சிப்பம் ஒரு கிலோ பருத்துவிட்டது. என் முகத்துக்கும் அந்தக் கிலோவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, 26 கிலோ இருக்கிறதா என்றாவது பார்ப்போம் என்று குளியலறை எடை மெஷினை எடுத்தேன். சிப்பத்தை மெஷின்மேல் வைத்தால் அது முள்ளை மறைத்துக்கொள்கிறது. ஆகவே நான் முதலில் தனியாக நிற்பது, பிறகு சிப்பத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது, இரண்டையும் கழிப்பது என்று திட்டம். கழித்துப் பார்த்தால் 24. எனக்கு ரத்தம் கொதித்தது. கடைக்குக் கிளம்புவதற்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கையில் ஆச்சி வந்து, மெஷினின் ஒரு கால் மிதியடி மேலே ஏறியிருப்பதைக் காட்டி, சமதரையில் நகர்த்தி வைத்து, மறுபடி ஏறச் சொன்னாள். சிப்பம் சரியாக 26. நான்தான் போன வருஷத்தைவிட அஞ்சு கிலோ கூட. அன்றிலிருந்து ராத்திரிக்குச் சோறு கிடையாது, இரண்டு இட்லிதான்.

அடுத்து அதைப் பிரிக்க வேண்டுமே. சிப்பத்தின் வாயில் மெஷின் தையல் போட்டிருப்பார்கள். அது சங்கிலித் தையல். ஒவ்வொரு கண்ணியும் முந்தின கண்ணியின் வயிற்றுக்குள்ளிருந்து பிறந்து வரும். கடைசியாகப் பிறந்த கண்ணி எந்த முனையில் இருக்கிறதோ அங்கே நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் கழன்று வரும். தையல் தொடங்கிய முனையில் பிடித்து இழுத்தீர்களானால் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததை இறுக்கிக்கொண்டு முடிச்சாகிவிடும். கண்ணிகள் தெரிகிற பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, அவை எந்தத் திசை நோக்கி ஒன்றிலிருந்து ஒன்று கிளம்புகின்றன என்று விரலால் தொடர்ந்து போனால் போதும், அந்தக் கடைசிதான் வாசல். இந்த ஞானமெல்லாம் எனக்குப் பிறகு வந்தது. அன்றைக்கு நான் தப்பான முனையில் பல்லால் இழுத்து, கத்தரியால் வெட்டி, கடைசியில் அரிவாள்மனையிடம் போனேன். அரிவாள்மனைக்கு நூல் எது, பை எது என்று தெரியாது. இரண்டாம் கட்டு முழுக்க அரிசி. தொண்ணூறை நெருங்கும் எங்கள் ஆத்தா ஊஞ்சலில் உட்கார்ந்தபடி, “ஏன்டா, புதுமனை புகுறமா?” என்று கேட்டார்.

அந்தப் பிளாஸ்டிக் பை மேல் எனக்கு அன்றே வெறுப்பு வந்துவிட்டது. வழுக்குகிறது, அடுக்கினால் சரிகிறது, வெயிலில் கொஞ்ச நாள் கிடந்தால் நார் நாராக உதிர்கிறது. ஆத்தாதான் அந்தக் காலத்துப் பேச்சை எடுத்தார். கோணிச் சாக்கில் வரும், வாயைக் கோணி ஊசியால் கையாலே தைத்திருக்கும், இரண்டு முனையிலும் காது விட்டிருக்கும், இரண்டு ஆள் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கினால் மூட்டை சொன்னபடி கேட்கும். பர்மா அரிசி வந்த கதையும் அதோடு வந்தது. ரங்கூனிலிருந்து அரிசி, அது அடைத்து வந்த சாக்கு கல்கத்தாப் பக்கத்துச் சணல் ஆலைச் சாக்கு. ஹூக்ளி ஆற்றங்கரையில் ரிஷ்ராவில் 1855இல் முதல் சணல் ஆலை வந்ததிலிருந்து உலகத்துக் கோதுமை, சர்க்கரை, காப்பிக்கொட்டை, அரிசி எல்லாம் அந்தக் கரைச் சாக்குக்குள்தான் ஊர்வலம் போனது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் அரிசியும் நின்றது, அங்கே கொண்டுவிற்ற நம்மவர்கள் கால்நடையாகவும் கப்பலிலும் திரும்பியதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. எங்கள் ஐயா அங்கிருந்து கொண்டுவந்த சொத்தில் இன்று மிச்சமிருப்பது ஒரு தேக்குப் பெட்டியும், ஆத்தாவிடம் இந்தக் கதையும்தான்.

கதையைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வருஷத்து அரிசியை மொத்தமாக ஆலையிலேயே வாங்கி, சணல் சாக்கில், 50 கிலோ 50 கிலோவாகப் போட்டு வைக்கப்போவதாக அறிவித்தேன். இந்த வீட்டில் நான் அறிவிப்பது வழக்கம். அதற்கு யாரும் பதில் சொல்லாததும் வழக்கம்.

சாக்குக் கடை என்று ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும். உள்ளே போனால் தும்மல் வரும், வெளியே நிற்கிற நாலு பேருக்குப் புரியாத மாதிரி ஒரு வியாபாரம் நடக்கும். அங்கே உள்ள பெரியவர் ஒரு சாக்கை எடுத்து என் முகத்துக்கு நேரே உதறினார். அதோடு என் சட்டையின் நிறம் மாறியது. பிறகு சாக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். பாவு நூல் இரண்டிரண்டாக ஜோடி போட்டு ஓடும். அதற்குக் குறுக்கே தடித்த ஊடை ஒன்று. பின்னல் நேராக இருக்காது, சாய்வாக, படிக்கட்டு ஏறுகிற மாதிரி வரி வரியாகத் தெரியும். அதைத்தான் டுவில் என்கிறார்கள். இன்னொரு வகை, ஒரு நூல் மேலே ஒரு நூல் கீழே என்று சாதாரணப் பின்னல், கண் கண்ணாக வெளிச்சம் தெரியும். அதில் தேங்காய் போடலாம், வெங்காயம் போடலாம், பொடி அரிசி போட்டால் வழி நெடுக எறும்புக்கு விருந்து. நான் பார்க்க அழகாக இருக்கிறது என்று அந்தக் கண் விட்ட சாக்கைத்தான் கையில் எடுத்திருந்தேன். பெரியவர் அதை என்னிடமிருந்து பிடுங்கி உள்ளே எறிந்துவிட்டு, “அது அரிசிக்கு ஆகாதுண்ணே, போட்டோ எடுக்க ஆகும்” என்றார்.

அவர் கொடுத்தது நெடுக நீலக் கோடு ஓடுகிற சாக்கு, அரசாங்கத் தானியம் ஏற்றி இறக்கிக் கைமாறி வந்தது. 50 கிலோ தானியத்துக்கு அரசாங்கம் வாங்குகிற டுவில் சாக்கு 94 செ.மீ. நீளம், 57 செ.மீ. அகலம், எடை 580 கிராம். அந்த 580 நமது டெல்டா விவசாயிக்குப் பேரன் பெயரைவிட நன்றாகத் தெரியும். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை 40 கிலோ. தராசு 40 கிலோ 580 கிராம் காட்டினால்தான் கணக்கு நேர், கூடினால் நெல் போகிறது, குறைந்தால் பேச்சு வருகிறது. கோடு இருக்கிறதே, அது மேலே அடித்த சாயம் இல்லை; சாயம் போட்ட நூலையே பாவில் கோத்து நெய்திருக்கிறார்கள். துவைத்தாலும் போகாது, திருப்பிப் போட்டாலும் மறையாது. இந்தக் கோடு என் கதையில் பின்னால் வந்து என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டியது, காட்டிக்கொடுக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சாக்குகளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஆச்சி மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள். சரியான காரியம். சணல் நார் மொறமொறவென்று இருக்கும். எண்ணெயும் தண்ணீரும் கலந்து தெளித்து ஊறவைத்தால்தான் நூற்க வளையும். வெகுகாலமாகத் தெளித்தது மண்ணிலிருந்து எடுக்கிற எண்ணெய். அதனால் சாக்கில் லேசாக மண்ணெண்ணெய் வாடை அடிக்கும், உள்ளே போட்ட பண்டம் அதைக் குடித்துக்கொள்ளும். காப்பிக்கொட்டையும் கோக்கோவும் வாங்குகிற வெளிநாட்டார் இதைப் பிடித்துக்கொண்ட பிறகு, தின்கிற பொருளுக்கான சாக்குக்குத் தவிட்டு எண்ணெய் தெளிக்கத் தொடங்கினார்கள். அரிசி போடுகிற சாக்கை அரிசித் தவிட்டின் எண்ணெயே பதப்படுத்துகிறது என்பதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. ஆச்சி எல்லாச் சாக்கையும் மோந்துவிட்டு, இரண்டை ஒதுக்கினாள். பக்கத்தில் நின்ற என்னையும் மோந்து பார்த்துவிட்டு, குளிக்கச் சொன்னாள்.

பழைய சாக்கில் இன்னொரு வில்லங்கம் உண்டு. அதன் தையல் மடிப்புக்குள் முந்தின மூட்டையின் மணியும், அதோடு முந்தின மூட்டையின் வண்டும் குடியிருக்கும். ஆகவே உள்வெளியாகத் திருப்பி, மடிப்பை உதறி, கம்பால் அடித்து, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். முற்றத்தில் நான் அடித்த அடியில் வண்டு செத்ததோ இல்லையோ, பக்கத்து வளவிலிருந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்க வந்துவிட்டார்கள்.

இனிதான் என் பெருமைக்குரிய பகுதி.

எங்கள் பக்கத்து வீடுகளில் விலாசம் இல்லாத சாமான் கிடையாது. முப்பாட்டன், பாட்டன், அப்பன் என்று தலைமுறையின் முதலெழுத்துகளைக் கோத்த விலாசம், அண்டாவில் வெட்டியிருக்கும், அடுக்குச் சட்டியில் வெட்டியிருக்கும், எச்சில் பணிக்கத்திலும் வெட்டியிருக்கும். பங்காளிகள் பத்துப் பேர் புழங்குகிற வீட்டில், ஒரு கல்யாணத்துக்கு இரவல் போன கரண்டி சொந்த வீடு திரும்ப வேறு வழியில்லை. சாக்கில் அடிக்கிற ஆலைக் குறியும் அதே வேலையைத்தான் செய்கிறது. இறக்குகிற துறையில், கிடங்கில், ரயிலடியில், ஆயிரம் மூட்டைக்கு நடுவில் எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் இது இன்னார் சரக்கு என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான். அப்படியிருக்க, எங்கள் சாக்கில் மட்டும் ஏன் எங்கள் விலாசம் இருக்கக்கூடாது? ‘மெ. ராம.’ என்று கறுப்பில் அடித்து, கீழே ‘பொன்னி’ என்று போட்டு, வரிசையாக அடுக்கி வைத்தால் ஐயா காலம் திரும்பி வந்துவிடாதா?

இதற்குத் தகட்டில் எழுத்தை வெட்டி எடுத்து, சாக்கின் மேல் வைத்து, மேலே மை அடித்தால் ஓட்டை வழியாக எழுத்து விழும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். தகரம் வெட்டக் கருவி இல்லை. ஆகவே மேசை இழுப்பறையில் கிடந்த என் முழங்கால் எக்ஸ்ரே பிலிமை எடுத்து பிளேடால் வெட்டினேன். முதல் எழுத்து ‘மெ’. கொம்பைச் சுற்றி வெட்டிக்கொண்டு வந்தேன், சுழி முடிந்தது, சுழிக்கு நடுவில் இருந்த பிலிம் துண்டு பொத்தென்று மடியில் விழுந்தது. ‘ம’வைச் சுற்றினேன், அதன் வயிறும் விழுந்தது. ‘பொ’, ‘ன்’, ‘னி’ எல்லாவற்றுக்கும் அதே கதி. மடி நிறைய வயிறு. இங்கிலீஷ்காரனுக்கு ஓவும் பியும்தான் தொல்லை. தமிழில் சுழியில்லாத எழுத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெட்டத் தெரிந்தவன், சுழியின் நடுத்துண்டைக் கரையோடு சேர்த்துப் பிடிக்கிற மாதிரி இரண்டு மெல்லிய பாலம் விட்டு வெட்டுவான். அதனால்தான் மூட்டையில் அடித்த எழுத்துகள் எல்லாம் நடுநடுவே முறிந்தாற்போல் இருக்கின்றன. இத்தனை வருஷம் அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது வயிறு விழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

விழுந்த வயிறுகளை மறுபடி ஒட்ட முயன்றேன். செலோ டேப் என் விரலில் ஒட்டியது. போகட்டும், சுழி அடைத்தால் அடைத்துப் போகட்டும், நம் விலாசம் நமக்குத் தெரியாதா என்று முடிவு செய்தேன்.

அடுத்தது மை. ஆயில் பெயிண்டைக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, பிரஷில் நிறைய எடுத்து, இடமிருந்து வலமாக இழுத்தேன். இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று தப்பு இருக்கிறது. சணல் நூலின் மேலெல்லாம் மயிர் மயிராக நார் நீட்டிக்கொண்டிருக்கும். இளகின மை அந்த நாரைப் பிடித்துக்கொண்டு நாலாப்பக்கமும் ஓடிவிடும். ஆகவே மை கெட்டியாக இருக்க வேண்டும். பிரஷில் இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவுக்குத் துடைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இழுக்கவே கூடாது, நிமிர்த்திப் பிடித்துக் குத்திக் குத்தி ஒற்ற வேண்டும், இல்லாவிட்டால் மை தகட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளும். எழுத்தின் கோடு ஒரு விரல் கனத்துக்காவது வேண்டும். இல்லாவிட்டால் தடித்த ஊடைக்கும் அடுத்த ஊடைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் எழுத்து பாதியாகத் தொலைந்துவிடும். என் ‘பொன்னி’யில் புள்ளி அப்படித்தான் தொலைந்தது, கடைசியில் அது ‘பொனனி’ என்று நின்றது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. சாக்கு என்பது இரண்டு பக்கம் உள்ளது, இரண்டு பக்கமும் ஓட்டை உள்ளது என்பதை நான் மறந்துவிட்டேன். அடிக்கிறவர்கள் வெறும் சாக்கைத் தரையில் விரித்து, உள்ளே ஒரு பலகையோ அட்டையோ செருகிவிட்டுத்தான் அடிப்பார்கள். நான் எதையும் செருகவில்லை. மை முன்பக்கத்தில் இறங்கி, பின்பக்கத்தையும் கடந்து, நிதானமாக எங்கள் பட்டாலையின் ஆத்தங்குடித் தளக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தது. காய்ந்த பிறகு எடுத்தபோது சாக்கின் வாய் திறக்கவில்லை, இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. தரையில், சிவப்புப் பூவுக்கும் பச்சை இலைக்கும் நடுவில், எங்கள் விலாசம்.

ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் கையால் சாய சிமெண்டை ஊற்றிச் செய்கிற கல். பார்க்கப் பளபளப்பு, ஆனால் சிமெண்ட் சிமெண்ட்தான், எண்ணெய் விட்டால் குடித்துவிடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். விலாசம் பக்கத்துப் பூவுக்கும் பரவியது. ஆச்சி வந்து இடுப்பில் கைவைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். “வீடு இரவல் போகுமுன்னு பயந்தீங்களா?”

இதற்கு நடுவில் முழங்கால் வலி கூடி டாக்டரிடம் போக, அவர் பழைய எக்ஸ்ரே எங்கே என்றார். எடுத்துக் கொடுத்தேன். விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தார். மூட்டு எலும்புக்கு நேர் நடுவில் ‘மெ. ராம.’ என்று வெளிச்சம் பிரகாசமாக அடித்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் முழங்கால் வலி தெரியவில்லை, வேறு இடத்தில்தான் வலித்தது.

ஆனாலும் அரிசி வந்தது. ஆலைக்கு நானே போயிருந்தேன். வெறும் சாக்கைத் தராசில் வைத்தார்கள், தட்டினார்கள், பிறகு அரிசியைக் கொட்டி 50.00 என்று காட்டினார்கள். எடை விஷயத்தில் என்னை இனி யாரும் ஏமாற்ற முடியாது அல்லவா? “சாக்கு எடை 580 கிராமைக் கழிச்சீங்களா?” என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டேன். எடை போட்ட பையன் ரொம்ப மரியாதையாக, “வெறும் சாக்கை வச்சுப் பூச்சியம் பண்ணிட்டுத்தானே ஐயா போட்டோம், நீங்க பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க?” என்றான். நான் அப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். இந்தப் பூச்சியம் பண்ணுகிற காரியம் அவசியம்தான். சணல் ஈரத்தைக் குடிக்கும். மழைக்காலத்தில் அதே சாக்கு எடை கூடும், வெயிலில் குறையும், ஆகவே ஏட்டில் உள்ள எடையை நம்பிக் கழிப்பதைவிட அந்த நேரத்துச் சாக்கை வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை. நான் ஏட்டை நம்புகிற ஆள்.

வாயைக் கோணி ஊசியால் ஆத்தாவே தைத்துக் காட்டினார். ஊசியின் முனை தட்டையாக, லேசாக வளைந்திருக்கும். நூலைப் பிரித்துக்கொண்டு போகுமே தவிர அறுக்காது. மூலையில் கொஞ்சம் துணியை முறுக்கிச் சுற்றிக் கட்டினால் காது. அந்த வயதில், கண்ணாடி இல்லாமல், அவர் தைத்த வாய் ஒரு மணியும் சிந்தவில்லை. நான் தைத்ததில் என் வேட்டியும் சேர்ந்து தைக்கப்பட்டிருந்தது.

மூட்டைகளைப் பின்கட்டு அறையில் வைத்தோம். வெறும் தரையில் வைக்கக்கூடாது, தரை ஈரம் அடிச்சாக்கில் ஏறிப் பூசணம் பிடிக்கும். கீழே பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும். இதை மட்டும் சரியாகச் செய்தேன். செய்த பெருமையில் வேப்பிலையும் வசம்பும் வைத்துவிட்டு, வண்டு விஷயத்தை மறந்தேன். மழைக்கு முன்னால் பார்த்தால் சாக்கின் மேலே பொடிப்பொடியாக நடமாட்டம். ‘சாக்குக் கண் வழியாக வெளியிலிருந்து வந்துவிட்டது’ என்று நான் சாக்குக் கடைக்காரர்மேல் பாய இருந்தேன். உண்மையில் அது உள்ளூர்க் குடிமகன். அரிசி வண்டு மணியில் துளைபோட்டு உள்ளே முட்டையிட்டு, மேலே பிசின் வைத்து மூடிவிடும். புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, நம் ஊர் வெக்கையில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகித் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வாங்கும்போது எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. சணல் சாக்கு மூச்சு விடும், அதனால் அரிசி புழுங்காது. ஆனால் அரிசி மூச்சு விடுகிற இடத்தில் வண்டும் மூச்சு விடும். அரிசியையே வெயிலில் கொட்டிக் காயவைப்போம் என்றேன். சுரீரென்ற வெயிலில் போட்டால் மணி வெடித்து வடிக்கையில் நொய்யாகிவிடும் என்று ஆத்தா தடுத்தார். கடைசியில் சலித்து, புடைத்து, நிழலில் ஆறவைத்து, மூடி இறுகின எவர்சில்வர் டிரம்முக்கு மாற்றினார்கள். டிரம்மில் எங்கள் விலாசம் ஏற்கெனவே வெட்டியிருந்தது.

மிஞ்சியது சாக்குகள். வாசலில் மிதியடியாகப் போடலாம் என்றால் முப்பாட்டன் பெயரை எப்படி மிதிப்பது? வந்த உறவுக்காரர்களெல்லாம் தாண்டிக் குதித்து உள்ளே வந்தார்கள். ஒரு பெரியம்மா தாண்டும்போது தூணைப் பிடித்துத்தான் தப்பித்தார். அன்று மாலையே அந்தச் சாக்கைச் சுருட்டி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குக் கொண்டுபோனேன். பழைய வீடுகளை இடித்த கதவு, தூண், பீங்கான், பர்மா அரக்குச் சாமான் என்று செட்டிநாடே கடைகடையாக விலைக்கு இருக்கிற தெரு. ஒரு கடைக்காரர் என் சாக்கை விரித்துப் பார்த்தார். ஒட்டியிருந்ததைப் பிரித்ததில் எழுத்து நல்ல கந்தலாகத்தான் இருந்தது. நீலக் கோட்டை இப்போது பார்த்துவிடுவார், ரேஷன் சாக்கு என்று சிரிக்கப்போகிறார் என்று நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “அந்தக் காலத்து நெசவுண்ணே” என்றார். எந்தக் காலம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நூறு ரூபாய் கொடுத்தார். சாக்கு வாங்கின விலையைவிட அது கூடத்தான். தளக்கல் மாற்றுகிற கூலியைச் சேர்க்காவிட்டால்.

பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து தம்பி மகன் வந்திருந்தான். வந்த மறுநாளே ஊர் சுற்றிவிட்டு, ஒரு பெரிய உருளையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து நடுவீட்டில் வைத்துப் பிரித்தான். “பெரியப்பச்சி, நம்பவே மாட்டீங்க. நம்ம விலாசம். ஐயா ரங்கூன்ல இருந்து அரிசி ஏத்துன சாக்கு. ரெண்டாயிரம் சொன்னான், ஆயிரத்தி ஐநூறுக்கு முடிச்சேன்” என்றான். சுழியெல்லாம் அடைத்துப் போயிருப்பதைப் பார்த்தாலே எவ்வளவு பழசு என்று தெரியும் என்று கடைக்காரர் சொன்னாராம். சட்டம் போட்டுச் சிங்கப்பூர் வீட்டு ஹாலில் மாட்டப்போகிறானாம்.

ஆச்சி என்னைப் பார்த்தாள். ஆத்தா ஊஞ்சலை நிறுத்தினார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாக்கைக் கிட்டத்தில் பார்த்து, “ஆமாப்பா, ஐயா கையெழுத்தேதான்” என்றேன்.